மார்ச் மாதத்தில் லீவு கேட்பது எப்படி? கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கான கேள்வி பதில்கள்

கம்பெனிகளில் கணக்கு, கொள்முதல், ஸ்டோர் பிரிவுகளில் வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லீவு கேட்கும் நாற்காலியிலும் இருந்திருக்கிறேன், கையெழுத்துப் போடும் நாற்காலியிலும் இருக்கிறேன். எடுத்துக்காட்டுக்குத் திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மற்ற தொழில்களில் வேலைகளின் பெயர் மாறும், தேதிகள் பெரும்பாலும் இவைதான்.

மார்ச்சில் லீவு என்று வாயெடுத்தாலே மேனேஜர் முகம் மாறிவிடுகிறது. கேட்கலாமா, வேண்டாமா?

தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அவர் முகம் ஏன் மாறுகிறது என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். "24-ஆம் தேதியிலிருந்து பத்து நாள் லீவு வேணும் சார்" என்று நீங்கள் சொல்லும்போது, பில்லை யார் ஏற்றுவார்கள், சப்ளையர் பணம் யார் போடுவார்கள், ஆடிட்டர் கேட்டால் யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்று அவர் மனதுக்குள் ஒரு பட்டியல் ஓடுகிறது. உங்கள் மேஜையில் எந்த வேலை எந்தத் தேதிக்கு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்குத் தெரியாது. தெரியாதபோது மாதம் முழுவதையும் மூடிவிடுவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. "மார்ச்சில் யாருக்கும் லீவு கிடையாது" என்ற வாசகம் அங்கிருந்துதான் வருகிறது.

அதனால் தேதிவாரியான பட்டியலை நீங்கள் கொண்டுபோக வேண்டும். காரணத்தை நீட்டி உருக்கமாகச் சொல்வதைவிட அது அதிகம் வேலை செய்யும்.

ஆண்டு முடிவில் உண்மையிலேயே நகர்த்த முடியாத நாட்கள் எவை?

இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. மார்ச் 31 இரவுக்குள் கணக்குப் புத்தகத்தையே மூடிவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நடக்க வேண்டிய காரியங்கள்தான் 31-க்குள் நடந்தாக வேண்டும். அவற்றைக் கணக்கில் பதிவதை ஏப்ரலில் செய்யலாம். மார்ச் 31 தேதியிட்ட தேய்மானப் பதிவும் செலவுக்கான ஒதுக்கீடும் ஆடிட்டர் வந்து உட்காரும்வரை கூடப் போடப்படுகின்றன. ஆனால் 31-ஆம் தேதி மாலை கிடங்கில் இருக்கும் நூலையும் துணியையும் ஏப்ரல் 5-ஆம் தேதி எண்ண முடியாது. 31-க்குள் போக வேண்டிய பணம் ஏப்ரலில் போனால் அது ஏப்ரல் பணம்தான்.

இந்தப் பிரிப்பை வைத்துக்கொண்டு பார்த்தால் நகராத நாட்கள் குறைவு. மார்ச் 15-க்குள் முன்கூட்டிய வருமான வரியின் கடைசித் தவணை கட்ட வேண்டும். மார்ச் கடைசி வாரம் சப்ளையர் பணம். 31 அன்று சரக்கு எண்ணிக்கை. ஏப்ரல் 1 அன்று புது வரிசை எண்ணில் விற்பனை பில் தொடங்க வேண்டும். பிறகு ஏப்ரல் 11-க்குள் மார்ச் மாத ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் 3பி. நடுவில் 15-க்குள் பிஎஃப், இஎஸ்ஐ. இவை மாதாமாதம் வருபவைதான்.

பின்னால் தள்ளக்கூடியவை நிறைய இருக்கின்றன. சம்பளத்திலும் பில்களிலும் பிடித்த டிடிஎஸ்-ஐ மற்ற மாதங்களில் 7-ஆம் தேதிக்குள் கட்டுகிறோம். மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் தனியார் நிறுவனங்களுக்கு ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. கடைசிக் காலாண்டின் டிடிஎஸ் ரிட்டர்னுக்கு மே 31. சப்ளையர்களிடம் இருப்பு உறுதிக் கடிதம் வாங்குவது, பழைய முன்பணங்களை நேர் செய்வது எல்லாம் ஏப்ரல் முழுக்கச் செய்யலாம்.

முன்னால் இழுக்கக்கூடியவை இன்னொரு பக்கம். பிப்ரவரி வரையிலான வங்கிச் சமரசப் பட்டியலை மார்ச் முதல் வாரத்திலேயே முடித்துவிடலாம். ஏற்றுமதி நிறுவனம் என்றால், ஐஜிஎஸ்டி கட்டாமல் சரக்கு அனுப்ப ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய எல்.யூ.டி. இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கான படிவத்தை (RFD-11) 31 வரை காத்திருக்காமல், போர்ட்டலில் திறந்தவுடன் போட்டுவிடலாம்.

உங்கள் வேலைகளை இந்த மூன்று குவியலாகப் பிரித்துப் பாருங்கள். பத்து நாள் லீவில் நான்கைந்து நாட்கள்தான் யாருக்காவது இடிக்கும்.

எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்?

கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் மாதிரி தேதி தெரிந்த விஷயம் என்றால் ஜனவரியிலேயே சொல்லிவிடுங்கள். முகூர்த்தம் குறித்த அன்றைக்கு மறுநாள் சொன்னாலும் சீக்கிரம் இல்லை. பிப்ரவரி தொடக்கத்தில் பெரும்பாலான மேனேஜர்கள் ஆண்டு முடிவு வேலைகளுக்கு ஆள் பிரிக்க ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் சொன்னால் உங்கள் லீவு அந்தத் திட்டத்துக்குள் ஒரு வரியாகப் போய்விடும். பின்னால் சொன்னால் போட்ட திட்டத்தைக் கலைக்க வேண்டியிருக்கும்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. மார்ச் கடைசி வாரப் பயணம் என்றால் ஜனவரி இறுதியில் டிக்கெட் எடுப்பீர்கள். அதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "டிக்கெட் போட்டாச்சு சார்" என்பதைக் காரணமாக வைத்துக் கேட்பது நல்லதல்ல. முடிவை எடுத்துவிட்டுத் தகவல் சொல்ல வந்ததாகத்தான் அவருக்குத் தோன்றும்.

என்ன மாதிரி சமரசம் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்? ஒரு உதாரணம் கொடுங்கள்.

நான்கு பேர் கொண்ட கணக்குப் பிரிவு என்று வைத்துக்கொள்வோம். மேனேஜர் ஒருவர். சப்ளையர் பில், ஜிஎஸ்டி இரண்டையும் பார்க்கும் பெண் ஒருவர். சம்பளம், பிஎஃப் பார்ப்பவர் ஒருவர். வங்கி, ரொக்கம் பார்க்கும் ஜூனியர் பையன் ஒருவர். சப்ளையர் பில் பார்ப்பவருக்குத் தங்கை கல்யாணம், மார்ச் 28, காரைக்குடியில். மார்ச் 24 முதல் ஏப்ரல் 2 வரை பத்து நாள் வேண்டும். இதை அப்படியே கேட்டால் மறுப்புதான் வரும், மறுப்பதில் நியாயமும் இருக்கும். காரணம், அந்தப் பத்து நாளில் அவர் மேஜையில் இருப்பவை இவை.

முதலாவது, சிறு சப்ளையர்களுக்கான பணம். உற்பத்தி அல்லது சேவை செய்யும் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்த சப்ளையருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் கொடுத்தாக வேண்டும். கெடு தாண்டியும் மார்ச் 31-க்குள் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. 2023-24 நிதியாண்டிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. திருப்பூரில் சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி என்று ஜாப் வொர்க் செய்பவர்களில் பலர் இந்த வகைதான். ஒரு பெரிய பில் விட்டுப்போனால் அந்தத் தொகைக்கு வரி கட்ட வேண்டி வரும். மேனேஜர் தூக்கம் கெடுவது இதற்காகத்தான்.

இரண்டாவது, கடைசி வாரத்தில் குவியும் பில்கள். ஆண்டு முழுக்க மேஜை டிராயரில் வைத்திருந்ததை எல்லாம் சப்ளையர்கள் அந்த வாரத்தில்தான் அனுப்புவார்கள். மூன்றாவது, ஜாப் வொர்க்கர்களிடம் இருக்கும் நம்முடைய துணிக்கு 31-ஆம் தேதி நிலவரப்படி இருப்புக் கடிதம் வாங்குவது. நான்காவது, 31 அன்று எண்ணிக்கையில் நிற்பது.

இப்போது இந்த நான்கையும் தேதிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 31-க்குள் கெடு முடியும் பில்களின் பட்டியலை மார்ச் 16-ஆம் தேதியே எடுத்துவிடலாம். பிப்ரவரியில் வந்த பில்களுக்கு 15 நாளா, 45 நாளா என்பது அன்றைக்கே தெரியும். புதிதாக வருபவற்றில் 15 நாள் கெடு உள்ளவை மட்டும்தான் பட்டியலில் சேரும், அதுவும் 16-ஆம் தேதி வரை ஏற்றுக்கொண்ட சரக்குக்குத்தான். அதற்குப் பின் வந்த சரக்குக்குக் கெடு ஏப்ரலில்தான் முடியும். கெடுவுக்குள் ஏப்ரலில் கொடுத்தாலும் இந்த ஆண்டுச் செலவாகக் கழிக்கலாம். ஆக, 25-ஆம் தேதிக்குள் இந்தப் பட்டியல் முழுவதற்கும் பணம் அனுப்பிவிட முடியும். 31 வரை இழுக்க வேண்டிய அவசியமே இல்லை.

குவியும் பில்களுக்கு, 24-ஆம் தேதிக்குள் கேட்டில் கொடுக்கச் சொல்லி மார்ச் முதல் வாரத்திலேயே எல்லாச் சப்ளையர்களுக்கும் மெயிலும் வாட்ஸப்பும் போகலாம். எப்படியும் சிலர் பிந்துவார்கள். பிந்தி வருவதை ஜூனியர் ஒரு பதிவேட்டில் வந்த தேதி, பில் எண், தொகை மட்டும் எழுதி அடுக்கி வைத்தால் போதும். கணக்கில் ஏற்ற வேண்டாம். பில்லே வராத சரக்குக்கு ஸ்டோரின் ஜி.ஆர்.என். பட்டியலை வைத்து ஏப்ரலில் ஒதுக்கீடு போடலாம். ஜாப் வொர்க்கர் கடிதங்களை 20-ஆம் தேதியே அனுப்பி, 31 நிலவரத்தை நிரப்பித் தரச் சொல்லிவிடலாம்.

மிச்சம் நகராமல் நிற்பது 31-ஆம் தேதி எண்ணிக்கை ஒன்றுதான். ஆகவே அவர் கேட்க வேண்டியது 26, 27, 28, 29 நான்கு நாட்கள். 30 காலையில் வேலைக்கு வந்துவிட வேண்டும். கல்யாணத்துக்குப் பின் மறுவீடு, விருந்து என்று மீதி இருப்பதற்கு, 3பி போட்டு முடித்த பிறகு ஏப்ரல் 21-லிருந்து நான்கு நாட்கள். பத்து நாள் என்பது எட்டாகக் குறைந்து, நான்கும் நான்குமாகப் பிரிகிறது. கல்யாண வீட்டுக்கு இரண்டு நாள் முன்னதாகப் போகிறார், முகூர்த்தத்துக்கு இருக்கிறார், பந்தல் பிரித்ததும் கிளம்புகிறார்.

மார்ச் 22 ஞாயிறாக இருந்தால் அன்று அரை நாள் வந்து பில் ஏற்றித் தருகிறேன் என்றும் சேர்த்துச் சொல்லலாம். ஆனால் அதை முதலிலேயே சொல்ல வேண்டாம். மேனேஜர் தயங்கினால் மேலே வைக்கக் கையில் ஒன்று இருக்கட்டும்.

நான் இல்லாதபோது ஜூனியர் தப்புச் செய்துவிட்டால் என்ன ஆகும் என்று மேனேஜர் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

இந்தக் கேள்விக்குத் தேதியிலேயே பதில் இருக்கிறது. மார்ச் மாதத்துக்கான 2பி அறிக்கை ஏப்ரல் 14 அன்று போர்ட்டலில் வரும். சப்ளையர்கள் நம் பெயரில் காட்டிய பில்கள் அத்தனையும் அதில் இருக்கும். நம்முடைய கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டால் இரண்டு முறை ஏறிய பில், தப்பான ஜிஎஸ்டி எண், விட்டுப்போன பில் எல்லாம் வெளியே வந்துவிடும். 3பி-க்குக் கெடு 20. நடுவில் ஆறு நாட்கள் இருக்கின்றன. 26 முதல் 29 வரை நடந்த பதிவுப் பிழை எதுவானாலும் வரியாக மாறுவதற்கு முன் திருத்திக்கொள்ள நேரம் உண்டு.

இந்த நேரத்தில் திருத்த முடியாதது, போகாத பணமும் எண்ணாத சரக்கும்தான். அவை இரண்டும் உங்கள் திட்டத்தில் லீவுக்கு வெளியே இருக்கின்றன. இதை அப்படியே சொல்லுங்கள். ஜூனியரைப் பில் ஏற்ற விடாமல் எழுதி வைக்க மட்டும் சொன்னதற்கும் இதுதான் காரணம். கடைசி வார அவசரத்தில் பழக்கமில்லாதவர் ஏற்றிய பில்லைத் தேடித் திருத்துவதற்கு, புதிதாக ஏற்றுவதைவிட அதிக நேரம் ஆகும்.

மெயிலில் எப்படி எழுதுவது?

முதலில் நேரில் பேசுங்கள். பேசி முடித்த அன்றே எழுதி அனுப்புங்கள். அலுவலக வழக்கம் ஆங்கிலம் என்றால் ஆங்கிலத்தில் எழுதுங்கள், சாரம் இதுதான்:

"வணக்கம் சார். காலையில் பேசியபடி, என் தங்கையின் திருமணம் மார்ச் 28 அன்று காரைக்குடியில் நடக்கிறது. மார்ச் 26 முதல் 29 வரை நான்கு நாட்களும், ஏப்ரல் 21 முதல் 24 வரை நான்கு நாட்களும் விடுப்பு வேண்டுகிறேன். சிறு சப்ளையர்களுக்கு 31-க்குள் தர வேண்டிய தொகைப் பட்டியலை மார்ச் 16 அன்று உங்களிடம் தருவேன், 25-க்குள் பணம் அனுப்பி முடித்துவிடுவோம். 24-க்குப் பின் வரும் பில்கள் பதிவேட்டில் இருக்கும், 30 அன்று நான் வந்து ஏற்றுவேன். 31 சரக்கு எண்ணிக்கையில் இருப்பேன். 26, 27, 29 தேதிகளில் மாலை 6 முதல் 7 வரை போனில் கிடைப்பேன். 28 அன்று கிடைக்க மாட்டேன். இதில் மாற்ற வேண்டியது இருந்தால் சொல்லுங்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஏதாவது ஒன்றை மாற்றச் சொல்லும் இடம் இருந்தால் முழுதாக மறுக்கும் தேவை அவருக்குக் குறையும். 28 அன்று கிடைக்க மாட்டேன் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் தாலி கட்டும் நேரத்தில் போன் அடிக்கும்.

ஏப்ரல் லீவையும் இதே மெயிலில் கேட்பது முக்கியம். "ஏப்ரலில் பார்த்துக்கலாம்" என்று வாய்மொழியாக விட்டால், ஏப்ரலில் ஆடிட்டர் வருகை என்று இன்னொரு காரணம் வரும்.

லேப்டாப் எடுத்துக்கொண்டு போகிறேன், அங்கிருந்தே செய்கிறேன் என்று சொல்லலாமா?

கல்யாண வீட்டுக்கு வேண்டாம். மண்டபத்து மாடியில் உட்கார்ந்து பில் ஏற்றினால் வேலையும் சரியாக நடக்காது, தங்கை கல்யாணத்தில் இருந்ததாகவும் ஆகாது. லீவும் கழிந்துவிடும், வேலையும் செய்திருப்பீர்கள். மாலையில் ஒரு மணி நேரம் போனில் சந்தேகம் தீர்ப்பது வேறு, அதைத் தாராளமாக ஒப்புக்கொள்ளலாம்.

வீட்டில் பெரியவர் ஒருவருக்குக் கண் அறுவை சிகிச்சை, கூட இருக்க ஆள் வேண்டும், ஆனால் பகலில் பெரும்பாலும் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன் என்பது மாதிரி நிலை என்றால் லேப்டாப் நல்ல சமரசம். அப்போது அதை லீவு என்று போடாமல் வீட்டிலிருந்து வேலை என்றோ அரை நாள் என்றோ போட்டுத் தரும்படி கேளுங்கள். அக்கவுண்டிங் மென்பொருள் வெளியிலிருந்து திறக்கிறதா என்பதைக் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் வீட்டிலிருந்து சோதித்துப் பாருங்கள். பல இடங்களில் அது அலுவலக சர்வரில் மட்டும்தான் ஓடும்.

என் பாஸ்வேர்டையும் ஓடிபி வரும் போனையும் கொடுத்துவிட்டுப் போனால் லீவு தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. இது மட்டும் சமரசத்தில் சேராது. வங்கியில் ஒருவர் பணப் பரிமாற்றத்தைப் போடுவதும் இன்னொருவர் அனுமதிப்பதும் ஒரே கையில் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள். கணக்கு மென்பொருளிலும் 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகள் திருத்தப் பதிவு வசதி உள்ளதைத்தான் பயன்படுத்த வேண்டும். யார் பெயரில் எது எப்போது மாற்றப்பட்டது என்பது அதில் நிற்கும். நீங்கள் பந்தியில் இருந்த நேரத்தில் உங்கள் பெயரில் ஒரு பதிவு திருத்தப்பட்டிருந்தால், ஆடிட்டருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

மாற்று வழி இருக்கிறது. வங்கியில் உங்களுக்குப் பதில் இன்னொருவரைச் சேர்க்கலாம், ஜிஎஸ்டி போர்ட்டலில் இன்னொரு கையொப்பதாரரைச் சேர்க்கலாம், மென்பொருளில் ஜூனியருக்குத் தனி லாகின் திறக்கலாம். வங்கி வேலைக்கு இயக்குநர் குழுத் தீர்மானம், படிவம், கிளைக்கு நடை எல்லாம் உண்டு. மார்ச் 20-ஆம் தேதி ஆரம்பித்தால் ஆகாது, பிப்ரவரியில் ஆரம்பித்தால் ஆகும். ஜனவரியில் லீவு கேட்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே நாட்களுக்கு இரண்டு பேர் லீவு கேட்டால் யாருக்குக் கிடைக்கும்?

மேனேஜரிடம் போவதற்கு முன் இருவரும் பேசிக்கொள்வது நல்லது. அவர் முன்னால் போட்டியாக நின்றால் இருவருக்கும் இல்லை என்று போய்விடும். முதலில் கேட்டவருக்கு முதலில் என்பதைவிட, தேதியை மாற்ற முடியாதவருக்கு முதலில் என்பதே நியாயம் என்று நினைக்கிறேன். கல்யாணமும் பண்டிகையும் தேதி மாறாது, ஊட்டிப் பயணம் மாறும்.

2025-இல் ரம்ஜான் மார்ச் 31 அன்றே வந்தது, முந்தின நாள் யுகாதி. அந்த மாதிரி ஆண்டில் 31 எண்ணிக்கைக்கு இஸ்லாமிய நண்பரை நிற்கச் சொல்வது சரியல்ல. அன்று மற்றவர் நின்றுவிட்டு, ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு அன்று 2பி எடுத்துச் சரிபார்க்கும் வேலையை அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். எங்களைப் போன்ற பிரிவுகளில் இந்த மாற்றல் இயல்பாக நடக்கிறது. யார் யாருக்காக எந்த நாள் நின்றார் என்பதை மட்டும் மேனேஜருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள்.

எல்லாம் சொல்லியும் மறுத்துவிட்டார். அடுத்து என்ன?

எந்த நாள் இடிக்கிறது, எந்த வேலைக்காக இடிக்கிறது என்று கேளுங்கள். "மார்ச் என்பதால்" என்றால் அவர் உங்கள் பட்டியலை இன்னும் படிக்கவில்லை. படிக்கச் சொல்லி ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். "29 அன்று இயக்குநர் வருகிறார், சப்ளையர் பாக்கி கேட்பார்" என்று குறிப்பாகச் சொன்னால் அது பேசக்கூடிய விஷயம். அந்த அறிக்கையை 25 அன்றே தயார் செய்து ஜூனியரிடம் விளக்கி வைக்கலாம். இல்லாவிட்டால் 28 இரவே கிளம்பி வந்து 29 மதியம் உட்காரலாம்.

உரிமையைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் (1947) ஓராண்டு வேலை முடித்தவருக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. நியாயமான காரணத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பும், நோய்க்கு 12 நாளும் தனியாக உண்டு. ஆனால் நீங்கள் கேட்கும் அதே தேதியில் கொடுத்தாக வேண்டும் என்று வாதாட இந்த எண்கள் மட்டும் போதாது. தொழிற்சாலைத் தொழிலாளராக இருந்தால் இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது: முறையாகக் கேட்டு மறுக்கப்பட்ட சம்பள விடுப்பை அடுத்த ஆண்டுக்கு வரம்பில்லாமல் கொண்டுபோகலாம். பழைய தொழிற்சாலைச் சட்டத்திலும் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் இது உண்டு. அதற்கு நீங்கள் கேட்டதற்கும் அவர் மறுத்ததற்கும் எழுத்தில் சான்று வேண்டும். வாய்மொழி மறுப்பு வந்தால் "இன்று பேசியபடி மார்ச் 26 முதல் 29 வரையிலான விடுப்பு வேலை காரணமாகத் தரப்படவில்லை எனப் புரிந்துகொள்கிறேன்" என்று ஒரு வரி மெயில் அனுப்பி வையுங்கள். அந்த வரியைப் படித்துவிட்டுக் கூப்பிட்டு மறுபடி பேசுபவர்களும் உண்டு.

சம்பளப் பிடித்தத்தோடு தாருங்கள் என்று கேட்பதால் பெரிய பயன் இல்லை. அவருக்குக் குறைவது ஆள், உங்கள் நாலு நாள் சம்பளம் அதை ஈடு செய்யாது.

எங்கள் கம்பெனியில் மார்ச் 31-க்குள் எடுக்காத லீவு காலாவதியாகிவிடும். ஆனால் மார்ச்சில் எடுக்கவும் விடுவதில்லை. என்ன செய்வது?

இது கணக்குப் பிரிவுக்காரர்களுக்கு உண்மையிலேயே அநியாயமான ஏற்பாடு. மற்ற பிரிவுக்காரர்கள் மார்ச்சில் மிச்சத்தை எடுத்துத் தீர்க்கும்போது நாம் அவர்களுடைய பில்லை ஏற்றிக்கொண்டிருப்போம். ஜனவரி முதல் வாரத்தில் மிச்சம் எத்தனை என்று பாருங்கள். பொங்கலை ஒட்டியும் பிப்ரவரியிலும் எடுக்க முடிந்ததை எடுங்கள். அதற்கு மேல் நிற்பதற்கு மூன்று வழி கேட்கலாம்: ஜூன் வரை நீட்டிப்பு, பணமாக மாற்றுதல், அல்லது அடுத்த ஆண்டுக் கணக்கில் சேர்த்தல். நீட்டிப்புதான் எளிதில் கிடைக்கும், கம்பெனிக்குக் கையிலிருந்து பணம் போகாது. தனியாகக் கேட்காமல் பிரிவு முழுவதற்கும் சேர்த்து மேனேஜர் மூலம் எச்ஆருக்கு ஒரே கடிதமாகப் போகட்டும். மார்ச்சில் லீவு மறுத்த மேனேஜர் இதில் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார். மார்ச் 31-க்கு முன் பதில் எழுத்தில் வந்துவிட வேண்டும், ஏப்ரல் 1 அன்று மென்பொருள் தானாகவே அழித்துவிடும்.

திடீரென்று வீட்டில் துக்கம், அல்லது ஆஸ்பத்திரி. அப்போதும் சமரசம் பேச வேண்டுமா?

வேண்டாம். கிளம்புங்கள். "அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், இன்று வர முடியாது, நாளை காலை நிலவரம் சொல்கிறேன்" என்று ஒரு தகவல் போதும். முடிந்தால் கூடவே ஒன்றே ஒன்று: அன்று போயே ஆக வேண்டிய பணம் ஏதாவது இருந்தால் அதன் பெயரையும் தொகையையும் எழுதுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படி ஒரு நாள் வரக்கூடும் என்பதால் மார்ச் 15-லிருந்து தினமும் கிளம்பும்போது நிலுவைப் பட்டியலை எல்லோரும் திறக்கக்கூடிய ஃபோல்டரில் போட்டு வைப்பது நல்லது. எந்த பில் எந்த நிலையில், எந்த ஃபைல் எந்த அலமாரியில் என்ற அளவுக்கு எழுதினால் போதும்.

30-ஆம் தேதி திரும்பி வந்ததும் எதை முதலில் எடுப்பது?

ஜூனியரின் பதிவேட்டை. அதில் உள்ள பில்களை ஏற்றும் முன், ஸ்டோரின் ஜி.ஆர்.என். பட்டியலோடு ஒரு முறை ஒத்துப் பாருங்கள். சரக்கு வந்து பில் வராதவை தனியாக நிற்கும், அவைதான் ஒதுக்கீட்டுப் பட்டியல். பிறகு 25 அன்று அனுப்பிய பணங்களில் ஏதாவது வங்கியிலிருந்து திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு எண் தப்பு, ஐஎஃப்எஸ்சி மாற்றம் என்று ஒன்றிரண்டு திரும்பும். 30, 31 இரண்டு நாட்களில் அவற்றை மறுபடி அனுப்பிவிட வேண்டும். ஏப்ரல் 1 அன்று ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக வங்கிக் கிளைகள் வாடிக்கையாளர்களுக்குத் திறக்காது.

பில் ஏற்றும் வேலை 30-ஆம் தேதியே முடியாவிட்டால் பரவாயில்லை, அது ஏப்ரலுக்குப் போகலாம். 31 காலை எண்ணிக்கைத் தாள்களோடு கிடங்கில் நின்றால் போதும். ஜாப் வொர்க்கர் கடிதங்களில் வராதவர்களுக்கு அன்று மாலையே போன் செய்யுங்கள். பட்டறையில் நம் துணி எத்தனை ரோல் இருக்கிறது என்று அன்றைக்கு அவர்கள் பார்த்துச் சொல்வார்கள், பத்து நாள் கழித்துக் கேட்டால் நினைவிலிருந்துதான் சொல்வார்கள்.